சுகாதாரப் பகுதி: கைப்பிள்ளையின் பால் போத்தலும் மைக்ரோவேவ் அடுப்பும்

முன்பெல்லாம் நம் வீடுகளில் பால் சூடு பண்ண மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. பிறகு கேஸ் அடுப்பு வந்தது. இன்று பல வீடுகளில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மைக்ரோவேவ் அடுப்பும் உட்கார்ந்திருக்கிறது. நேற்று வைத்த கறியைச் சுட வைக்க அது நல்ல சாமான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கைப்பிள்ளையின் பால் போத்தலை அதற்குள் வைப்பதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. என் டிஸ்பென்சரிக்கு ஒரு பிள்ளையைத் தூக்கி வந்ததைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் விடுவது சரியில்லை என்று தோன்றியது.

நடந்ததைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம், வீட்டைக் காட்டிக் கொடுப்பது நம் நோக்கமல்ல.

தாய் காலையில் பெரட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதப் பிள்ளை மாமியாரிடம் இருந்தது. விடியற்காலையில் பிள்ளை குடித்தது போக, போத்தலில் மூன்று அவுன்ஸ் பால் மீதி. பால்மாவு விற்கிற விலையில் அதைக் கொட்ட மனம் வரவில்லை. ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஏழு மணிக்குப் பிள்ளை அழுதது. மருமகள் எப்போதும் செய்வதைப் போலவே, பாட்டியும் போத்தலை மைக்ரோவேவில் வைத்து 35 விநாடிக்குப் பொத்தானை அழுத்தினார். வெளியே எடுத்துப் போத்தலின் அடியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளையின் வாயில் வைத்தார். இரண்டு மடக்கு உள்ளே போயிருக்கும். பிள்ளை வீறிட்டது.

என்னிடம் கொண்டுவந்தபோது மேல் அண்ணம் சிவந்து, நடுவில் சிறு கொப்புளம் எழும்பியிருந்தது. நாக்கு நுனியும் சிவப்பு. பாட்டி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஐயா, நான் தொட்டுப் பாத்துட்டுத்தானுங்க கொடுத்தேன். போத்தல் சூடே இல்லீங்க" என்றார். செய்தி கேட்டு ஓடிவந்த மருமகளோ, "நான் தினம் இப்படித்தான் செய்யிறேன், ஒண்ணும் ஆகல. இவங்க என்ன செஞ்சாங்களோ தெரியல" என்று அழுதாள்.

தொண்டைக்குள்ளும் சுட்டிருக்கலாம் என்பதால் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். மூச்சுக்குக் கெடுதல் இல்லை. ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்பட்ட மனப்புண் அத்தனை சீக்கிரம் ஆறவில்லை. "என் பேரனை நானே சுட்டுட்டேனே" என்று அந்த அம்மாள் பிறகு பிள்ளைக்குப் பால் கொடுக்கவே பயந்தார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. போத்தல் சூடாக இல்லை. பால்தான் சூடாக இருந்தது. இது எப்படி ஆகும் என்பதுதான் இன்றைய பாடம்.

போத்தல் குளிர்ச்சி, பால் கொதிப்பு: எதனால்?

கேஸ் அடுப்பில் சட்டியை வைத்தால் முதலில் சட்டி சுடும். சட்டியின் சூடு பாலுக்குப் போகும். ஆகவே சட்டியைத் தொட்டால் பாலின் சூடு நமக்கு ஓரளவு தெரியும். நம் தாய், பாட்டி காலத்திலிருந்து கை பழகிய கணக்கு இது.

மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு நேர் மாறு. அதற்குள் தீ இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்பி, பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் பெரும்பாலும் சுடாமல் ஊடுருவிச் சென்று, உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பொருளை நேராகச் சூடாக்குகின்றன. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே? ஆக, பால் முதலில் சுடுகிறது. போத்தல் பிறகு பாலிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் போத்தலின் சுவர் தடிப்பு. சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். அடுப்பிலிருந்து எடுத்த உடனே தொட்டால் கைக்குத் தெரிவது போத்தலின் சூடு, பாலின் சூடல்ல.

இரண்டாவது காரணம், அந்த அலைகள் அடுப்புக்குள் ஒரே சீராகப் பரவுவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால், சில இடத்தில் பலமாகவும் சில இடத்தில் பலவீனமாகவும் இருக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பச்சை அப்பளத்தை எடுத்து, எண்ணெய் தடவாமல், மைக்ரோவேவில் பத்துப் பதினைந்து விநாடி வையுங்கள். வெளியே எடுத்தால் அப்பளம் முழுவதும் பொரிந்திருக்காது. ஒரு பக்கம் வெள்ளையாக உப்பியிருக்கும். பக்கத்திலேயே இரண்டு விரல் அகலம் பச்சையாகவே கிடக்கும். பொரிந்த இடம் அலை பலமாக விழுந்த இடம். அடியில் கண்ணாடித் தட்டு சுற்றுவதே இந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான். குறைக்குமே தவிர, முழுக்கப் போக்காது.

அப்பளத்தில் நடப்பதுதான் பாலிலும் நடக்கிறது. ஆனால் பாலில் அது கண்ணுக்குத் தெரியாது. பால் போத்தல் உருண்டையாக இருப்பதால் அலைகள் நடுப்பகுதியில் குவியவும் கூடும். அப்படி நடுப்பால் சுட்டு, ஓரத்துப் பால் ஆறியிருக்கும். அதோடு, சூடான பால் மேலே ஏறும். குளிர்ந்த பால் அடியில் தங்கும். கேஸ் அடுப்பில் தீ அடியிலிருந்து வருவதால் பால் தானாகவே சுழன்று கலந்துகொள்ளும். மைக்ரோவேவில் அந்தச் சுழற்சி குறைவு. மேலே ஏறிய சூடு மேலேயே அடுக்காக நின்றுவிடும்.

நம் பாட்டி போத்தலின் எந்த இடத்தைத் தொட்டார்? அடியை. அங்கேதான் குளிர்ந்த பால் தங்கியிருந்தது. சுடுபால் மேலே, சூப்பிக்குக் கீழே நின்றது. போத்தலைச் சாய்க்கும்போது எந்த அடுக்கு முதலில் பிள்ளையின் வாய்க்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"நான் தினம் வைக்கிறேனே, எனக்கு ஒன்றும் ஆகலையே?"

மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

நம் வீடுகளில் உள்ள அடுப்பு பெரும்பாலும் 700, 800 வாட் அளவில் இருக்கும். அதன் சக்தி முழுவதும் பாலுக்குள் போகாது. போகிற அளவை வைத்துப் பார்த்தால், நான்கு அவுன்ஸ் பால், அதாவது 120 மில்லிலிட்டர், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறும். கணக்கை நினைவில் வைக்க இது எளிது: நான்கு அவுன்ஸுக்கு ஒரு விநாடி, ஒரு டிகிரி.

ஐஸ்பெட்டிப் பால் 4 டிகிரி இருக்கும். மருமகள் எப்போதும் நான்கு அவுன்ஸ் பாலை 35 விநாடி வைப்பாள். நாலும் முப்பத்தைந்தும் 39 டிகிரி. நம் உடம்புச் சூடு 37. ஆக, கலக்கிப் பார்த்தால் கொடுக்கக்கூடிய சூடுதான். விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் போத்தலை வெளியே எடுத்ததும் நன்றாகக் குலுக்கிவிட்டு, பையைத் தயார் பண்ணிவிட்டு வந்துதான் பிள்ளைக்குக் கொடுப்பாளாம். அந்தக் குலுக்கலும் அந்த இரண்டு நிமிடமும்தான் பிள்ளையை இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கின்றன. அது அவளுக்கே தெரியாது. ஆகவே மாமியாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு போத்தலில் இருந்ததோ மூன்று அவுன்ஸ். பால் குறைந்தால் அதே சூடு குறைந்த பாலுக்குள் போகிறது. மூன்று அவுன்ஸ் பால், அதே 35 விநாடியில், 50 டிகிரிக்கு வந்துவிடும். அதுவும் கலக்கிய பிறகு வரும் சராசரி. கலக்காதபோது அடியில் 40, மேலே 60 என்று நின்றிருக்கும். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். கைப்பிள்ளையின் வாய்த் தோல் எவ்வளவு மெல்லியது!

இதே போத்தலில் இரண்டு அவுன்ஸ் மட்டும் இருந்திருந்தால் பால் 70 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதற்கு ஒரு விநாடி போதும்.

பாருங்கள், பொத்தான் ஒன்று, விநாடி ஒன்று, போத்தல் ஒன்று. பாலின் அளவு ஓர் அவுன்ஸ் மாறியதும் எல்லாமே மாறிவிட்டது. உங்கள் அடுப்பு 1000 வாட்டாக இருந்தாலும் மாறும். பால் ஐஸ்பெட்டியிலிருந்து வராமல் மேசை மேலிருந்து வந்தாலும் மாறும். ஆகவே "என் கணக்கு 35 விநாடி" என்று ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இது நம் தோட்டத்தில் மட்டும் நடந்த சங்கதியல்ல. மைக்ரோவேவில் சுட வைத்த போத்தலால் குழந்தையின் அண்ணம் வெந்துபோனதை அமெரிக்க மருத்துவர்கள் 1988-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். வசதியுள்ளவர் வீட்டிலும் நடந்ததுதான். படித்தவர் வீட்டிலும் நடந்ததுதான். தவறு கையில் இல்லை, முறையில் இருக்கிறது. அந்தப் பாட்டியிடமும் இதைத்தான் சொன்னேன்.

சத்தமில்லாமல் கொதிக்கும் தண்ணீர்

"சரி, போத்தலை வைக்கவில்லை. பால் கலக்கத் தண்ணீரை மட்டும் மைக்ரோவேவில் கொதிக்க வைக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். அதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

தண்ணீர் கொதிப்பதை நாம் எப்படி அறிகிறோம்? குமிழி வருவதைப் பார்த்து. அந்தக் குமிழி கிளம்புவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். சட்டியின் அடியில் உள்ள கீறல், சொரசொரப்பு, தண்ணீரில் கலந்திருக்கும் காற்று, இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் குமிழி எழும்பும். கேத்தலில் அடித்தகடு மிகவும் சூடாக இருப்பதால் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஆனால் வழவழப்பான புதுக் கோப்பையில், சுத்தமான தண்ணீரை ஊற்றி மைக்ரோவேவில் அதிக நேரம் வைத்தால், சுடுவது தண்ணீர். கோப்பையின் சுவர் அதைவிடக் குளிர்ச்சி. குமிழி கிளம்ப வழியில்லை. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்ப வைத்தால், அதில் காற்றும் குறைந்துவிடுவதால், இன்னும் எளிதில் இப்படி ஆகும்.

அப்படி நிற்கிற தண்ணீரில் ஒரு கரண்டி விழுந்தால், பால்மாவு விழுந்தால், ஏன், கோப்பையைத் தூக்கும்போது ஓர் அசைவு பட்டால்கூடப் போதும். அடக்கி வைத்திருந்த கொதிப்பு ஒரே நொடியில் கிளம்பும். கோப்பையிலுள்ள தண்ணீர் வெடித்ததுபோல் மேலே எழும்பி முகத்திலும் கையிலும் கொட்டும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையால் கோப்பையை எடுக்கிற பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாலில் இது சற்று வேறு விதமாக வரும். பாலின் மேல் ஆடை படிந்து மூடிக்கொள்ளும். அடியில் ஆவி சேர்ந்து, ஆடையைப் பிளந்துகொண்டு திடீரென்று பொங்கும். போத்தலை மூடியோடும் சூப்பியோடும் வைத்தாலோ ஆவிக்குப் போக்கிடமில்லை. மூடி தெறிக்கலாம், அல்லது குலுக்கும்போது சூப்பி ஓட்டை வழியாகச் சுடுபால் பீச்சியடிக்கும்.

ஆகவே பிள்ளைக்குப் பால் கலக்கும் தண்ணீரைக் கேத்தலிலோ அடுப்பிலோ குமிழி வரக் கொதிக்க வையுங்கள். பெரியவர்கள் தங்களுக்குக் காப்பித் தண்ணி மைக்ரோவேவில் வைப்பதானால், தூளையோ சீனியையோ முன்பே போட்டுவிடுங்கள். அல்லது ஒரு மரக்குச்சியைக் கோப்பையில் வைத்துவிடுங்கள். குமிழிக்கு அது பிடிமானம். நேரத்தைக் கூட்டி வைக்காதீர்கள். அடுப்பு நின்ற பிறகு ஒரு நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு எடுங்கள்.

அப்படியானால் பாலை எப்படி வெதுவெதுப்பாக்குவது?

முதலில் ஒரு செய்தி. பிள்ளைக்குப் பால் சூடாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "ஆறிய பால் கொடுத்தால் சளி பிடிக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வருகிறது. பாலின் குளிர்ச்சியால் அல்ல. நிறை மாதத்தில் பிறந்த நல்ல சுகமுள்ள பிள்ளை, சாதாரண வீட்டுச் சூட்டிலுள்ள பாலைத் தாராளமாகக் குடிக்கும். வெதுவெதுப்பு என்பது பிள்ளையின் விருப்பத்துக்காக மட்டுமே. குறை மாதப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

அடுத்து, பால்மாவைப் புதிதாகக் கலக்கும்போது சூடு பண்ணுகிற வேலையே வராது. ஆற்றுகிற வேலைதான் வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல், இன்னும் சுடச்சுட 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைப் போட வேண்டும். காரணம், டின்னில் உள்ள மாவு கிருமியே இல்லாத பொருளல்ல. அதில் இருக்கக்கூடிய கிருமியை அந்தச் சூடுதான் கொல்லும். டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு மாவைப் போட்டுக் கலக்குங்கள். மூடியைப் போட்டு, போத்தலைப் பைப்புத் தண்ணீருக்கு அடியிலோ, குளிர்ந்த தண்ணீர் உள்ள மங்கிலோ பிடித்து ஆற்றுங்கள். தண்ணீர் மூடிக்கு மேலே ஏறக்கூடாது.

இனி, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பாலுக்கு வருவோம். அதற்கு மங்கும் தண்ணீருமே போதும். செய்கிற முறை இது:

1. ஒரு மங்கில் முதலில் இரண்டு கிளாஸ் பைப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு பிளாஸ்க்கிலிருந்து ஒரு கிளாஸ் வெந்நீர் ஊற்றுங்கள். அப்போதுதான் பொங்கி இறக்கிய தண்ணீரானால், பைப்புத் தண்ணீர் மூன்று கிளாஸ் இருக்கட்டும்.

2. பால் போத்தலை அதில் நிறுத்துங்கள். மங்குத் தண்ணீர் பால் நிற்கும் உயரத்துக்கு வரலாம், மூடியைத் தொடக்கூடாது.

3. ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை போத்தலை மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். வெதுவெதுப்பில் கிருமி வளரும்.

4. வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி ஒருமுறை சுழற்றிக் கலக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலைந்து சொட்டு விடுங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. "சுடுதோ?" என்று சந்தேகம் வந்தாலே அது பிள்ளைக்குச் சூடுதான். ஆற விடுங்கள்.

இந்த அளவில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டுக்கு ஒன்று கலந்த தண்ணீர் 47 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். குளிர்ந்த போத்தலை வைத்ததும் அதுவும் இறங்கும். பாலும் தண்ணீரும் 40 டிகிரி அளவில் சந்தித்து நின்றுவிடும். பால் தண்ணீரைவிடச் சூடாக முடியாது அல்லவா? ஆகவே பாட்டி மறந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு இழுத்தாலும், பால் கொதிக்காது. மைக்ரோவேவ் நம் மறதியை மன்னிக்காது, மங்கு மன்னிக்கும். ஒன்று மட்டும் கவனம்: வெந்நீர் மங்கைத் தவழும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாமாரும் இதே முறையைப் பின்பற்றலாம். ஒரே பெரிய மங்கில் நாலைந்து போத்தலை நிறுத்தலாம். தண்ணீரை அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

தாய்ப்பால் எடுத்து வைப்பவர்களுக்கு

வேலைக்குப் போகும் தாய்மார் பலர் பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மிகவும் நல்லது. கறந்த பாலை நம் நாட்டு வெக்கையில் வெளியில் வைக்காமல் உடனே ஐஸ்பெட்டியில், கதவுப் பக்கத்தில் அல்லாமல், உள்ளே தள்ளி வையுங்கள். நான்கு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். உறைய வைத்த பாலானால் முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டால் காலையில் இளகியிருக்கும். முழுவதும் இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தாய்ப்பாலை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வாய் சுடும் என்பதோடு, நோயை எதிர்க்கத் தாயின் உடம்பு அந்தப் பாலில் சேர்த்துக் கொடுத்திருக்கிற சத்தும் அதிகச் சூட்டில் கெட்டுப்போகும். அதற்கும் மேலே சொன்ன மங்கு முறைதான். வெதுவெதுப்பாக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

மீந்த பால்

நம் பாட்டியின் கதையில் இன்னொரு தவறும் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளை வாய் வைத்த மீதிப் பாலை எடுத்து வைத்தது. சூப்பி வழியாகப் பிள்ளையின் எச்சில் போத்தலுக்குள் போய்விடுகிறது. எச்சிலோடு கிருமியும் போகிறது. "சுட வைத்தால் செத்துவிடாதா?" என்று கேட்காதீர்கள். மைக்ரோவேவில் மேலே கொதித்தாலும் அடியில் வெதுவெதுப்புத்தான். அந்த அடிப்பாலில் கிருமி சாவதில்லை, சுகமாக இருக்கும்.

கலக்கிய பால்மாவை, பிள்ளை வாய் வைக்காதிருந்தால், உடனே ஆற்றி ஐஸ்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். வாய் வைத்ததை, அல்லது வெளியில் இரண்டு மணி நேரம் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். பால்மாவு விலை எனக்கும் தெரியும். கொட்டுவதற்கு மனம் வராவிட்டால் அதற்கு வழி, குறைத்துக் கலப்பது. பிள்ளை வழக்கமாக மூன்று அவுன்ஸ் குடித்தால், நாலரை கலக்காமல், மூன்றே கலந்து, கேட்டால் மறுபடி கொஞ்சம் கலந்து கொடுங்கள்.

தவறிச் சுட்டுவிட்டால்

உடனே போத்தலை எடுத்துவிடுங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார்த்தி, வாயில் மிச்சமிருக்கும் பாலை வெளியே வழிய விடுங்கள். பிள்ளை நன்றாக விழுங்குகிறது என்றால், ஆறிய பாலோ தாய்ப்பாலோ கொதித்து ஆறிய தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஐஸ் கட்டியை வாயில் வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். வெண்ணெய், தேன் எதையும் தடவாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கொடுக்கவே கூடாது.

கன்னம், தாடை, நெஞ்சில் கொட்டியிருந்தால், ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடுகிற பைப்புத் தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள், பிள்ளைக்குக் குளிர் தாக்காமல். பற்பசை, கிச்சாப், மஞ்சள் வேண்டாம். அவை புண்ணை மறைக்கும்; ஆற்றாது.

வாய் சுட்ட பிள்ளையை, அழுகை நின்றுவிட்டாலும், அன்றே கொண்டுவந்து காட்டுங்கள். குரல் கம்மினால், வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தால், பால் விழுங்க மறுத்தால், மூச்சு விடும்போது சத்தம் வந்தால், தொண்டை வீங்குகிறது என்று பொருள். அப்போது என்னைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். 999-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த வீட்டுக்குப் பிறகு ஒருநாள் போயிருந்தேன். மேசை மேல் ஒரு எனாமல் மங்கு, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். மருமகள் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: "இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணி, ஒரு கிளாஸ் சுடுதண்ணி." பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆகவே கீழே மூன்று கிளாஸ் படமும் வரைந்திருந்தது. பாட்டி மடியில் பேரனைக் கிடத்தி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்து, நிதானமாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ, அக்காளோ, பக்கத்து வீட்டம்மாவோ, யாராயிருந்தாலும் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.